கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் ஸ்டைபண்ட் வரும் மாதத்தைக் கேளுங்கள்

மண் நுண்ணுயிரியலில் பிஎச்.டி. சேர எனக்கு இரண்டு இடம் கிடைத்தது. திருச்சிப் பக்கம் ஒரு பேராசிரியரின் பெரிய லேப். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் உதவிப் பேராசிரியரின் சின்ன லேப். சேர்ந்தது இரண்டாவதில். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும்.

கருவிகளிலும் பெயரிலும் திருச்சிதான் மேல், அதில் பேச்சே இல்லை. அங்கே பேராசிரியரை மீட்டிங்கில்தான் பார்க்க முடியும். மற்றபடி சீனியர்தான் கைடு. இங்கே கைடு தினமும் வந்து நோட்டைப் புரட்டுவார். சிலருக்கு அது மூச்சு முட்டும்.

முடிவு செய்தது பணம். நெட் தேர்வில் தேறியும் அரசு உதவித்தொகையான ஜேஆர்எஃப் வரவில்லை, எனவே கைடின் ஆய்வுத் திட்டப் பணத்திலிருந்து வரும் புராஜெக்ட் ஜேஆர்எஃப்தான் எனக்கு வழி. மாதம் 37,000 ரூபாய், இரண்டு லேபிலும் ஒன்றே. ஆனால் புராஜெக்ட் பெரும்பாலும் 3 ஆண்டு; களப்பணி உள்ள பிஎச்.டி. 5 ஆண்டு வரை இழுக்கும். திருச்சிப் புராஜெக்டில் 16 மாதம்தான் மீதி இருந்தது. முதலில் முடிக்க வேண்டிய கோர்ஸ் ஒர்க் பாடங்கள் போக, களப்பணிக்கு ஒரே ஒரு சம்பாப் பருவம்தான் கைக்கு வரும்.

புராஜெக்டுக்கு அனுமதித்த தொகை மொத்தமாகவும் வராது. ஆண்டுத் தவணைதான், முந்தைய தவணையின் செலவுக் கணக்கு போனால்தான் அடுத்தது வரும். கைடோ அலுவலகமோ அதில் சுணங்கினால் ஸ்டைபண்ட் மாதக்கணக்கில் நின்று, அப்புறம் அரியராக வரும். ரசாயனம் வாங்கும் காசுக்கும் இதே கதிதான். என் ஆய்வுக்கு வேதாரண்யம் பக்க உப்பு மண்ணில், பயிர் முளைத்ததிலிருந்து கதிர் வரும்வரை வேர்மண் எடுக்க வேண்டும். அக்டோபரில் கையில் காசில்லை என்றால் அந்தச் சம்பா போச்சு, ஓர் ஆண்டும் போச்சு. கணினியில் நடக்கும் ஆய்வுக்கு இந்த அடி இவ்வளவு பலமாக விழாது.

ஆகவே இரண்டு இடத்திலும் ஸ்காலர்களைக் கேன்டீனில் பிடித்து, "அண்ணே, போன வருஷம் ஸ்டைபண்ட் எந்தெந்த மாசம் வந்துச்சு?" என்று கேட்டேன். திருச்சி அண்ணன் சிரித்தார்: "தீபாவளிக்கு ஒருக்கா வந்துச்சு தம்பி, அப்புறம் பொங்கலுக்கு." தஞ்சாவூரிலும் தாமதம் உண்டு, ஆனால் ஒன்றிரண்டு மாதம்தான். பழைய புராஜெக்ட் முடியும் முன்பே கைடு அடுத்ததற்கு எழுதிப்போட்டு, தன் மாணவரை அதில் மாற்றியிருந்தார். முடித்தவர் அந்த ஒருவர்தான், அதை வைத்துப் பெரிதாகச் சொல்லிவிட முடியாது.

முடித்தவர்களை, பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா தளத்தில் கைடு பெயரைப் போட்டுத் தேடலாம். கைடின் பழைய கட்டுரைகளில் இருக்கும் மாணவர் பெயர்களை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால், பாதியில் போனவர்கள் யாரென்று ஓரளவு தெரியும். புதிய ஆய்வேடுகள் ஏறத் தாமதமாகும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். திருச்சியில் அப்படி விடுபட்ட சிலர், பணம் நின்றதும் சுயநிதிக் கல்லூரி வேலைக்குப் போய் பகுதிநேரமாக மாறியவர்கள்.

ஸ்காலர்களோடு தனியே பேச விடாத கைடு, ஓய்வை நெருங்கும் கைடு இரண்டுமே எச்சரிக்கைதான். ஓய்வுக்கு 3 ஆண்டுக்குள் இருப்பவர் புது மாணவரை எடுக்க யுஜிசியின் 2022 விதி அனுமதிப்பதில்லை. "பணம் வரும், நீங்க முதல்ல சேருங்க" என்பவரிடம் புராஜெக்டின் அனுமதி ஆணையைக் கேட்டு, முடிவு தேதியைப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அந்த லேபை விட்டுவிடலாம்.