நால்வருக்குச் சோறு: 3 லிட்டரா, 5 லிட்டரா, ரைஸ் குக்கரா?

கடையில் 5 லிட்டர் பிரஷர் குக்கரையும் 1.8 லிட்டர் ரைஸ் குக்கரையும் அருகருகே பார்ப்பவர், முன்னது ஏறக்குறைய மூன்று மடங்கு பெரியது என்றே நினைப்பார். அப்படி இல்லை. பிரஷர் குக்கரில் லிட்டர் என்பது விளிம்பு வரை ஊற்றினால் கொள்ளும் தண்ணீரின் அளவு. ரைஸ் குக்கரில் பெரும்பாலும் அது வேகாத அரிசியின் அளவு. ஜப்பானிய வழக்கப்படி 180 மில்லி கப்பால் பத்துக் கப் அரிசி என்பதே 1.8 லிட்டர். சோறு பொங்கி நிற்பதற்கான இடம் அதற்கு மேல் தனியாக உண்டு.

நான்கு பேருக்கு ஒரு வேளைக்கு 400 கிராம் புழுங்கல் அரிசி என்று வைத்துக்கொள்வோம். அது மூன்று ஆழாக்குக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய அரை லிட்டர். ஒன்றுக்கு மூன்று என்று தண்ணீர் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து இரண்டு லிட்டரை நெருங்கும். அரிசி, பருப்பு போன்று பொங்குபவற்றைப் பிரஷர் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. 3 லிட்டர் குக்கரில் பாதி என்பது ஒன்றரை லிட்டர்தான். மீறினால் விசிலோடு வெள்ளைக் கஞ்சி பீறிட்டு மூடியெல்லாம் வழியும். அசிங்கமாவது இருக்கட்டும், அந்தக் கஞ்சி ஆவித் துவாரத்தை அடைத்துக்கொள்வதுதான் ஆபத்து. அரிசியை நேராகப் போட்டு வேகவைக்கும் நால்வர் வீட்டுக்கு 5 லிட்டரே சரி. 3 லிட்டர் இருவருக்குப் போதும்.

அடுக்குப் பாத்திரம் வைத்துச் சமைப்பவர்கள் லிட்டரை மட்டும் பார்க்கக் கூடாது. உள்ளே பூட்டும் மூடியுள்ள குக்கரின் வாய் வயிற்றைவிடக் குறுகல். 5 லிட்டர் என்று வாங்கிவந்த பிறகு, வீட்டிலுள்ள சோற்றுப் பாத்திரம் வாயிலேயே தட்டி நிற்கும். வெளிமூடிக் குக்கரில் இந்தத் தொல்லை குறைவு. பாத்திரத்தைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவதே நல்லது.

ரைஸ் குக்கரில் அதே 400 கிராம் மூன்று கப்புக்கும் குறைவு. 1 லிட்டர் வகை ஐந்தரைக் கப் கொள்ளும் என்பதால் நால்வருக்குத் தாராளம். ஆனால் புழுங்கல் அரிசிக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும், நுரையும் மூடி வழியே எழும். ஆகவே அதில் முழுக் கொள்ளளவுக்குச் சமைக்க முடியாது. இரு வேளைச் சோற்றையும் காலையிலேயே வடித்துவிடும் வீட்டுக்கு மட்டும் 1.8 லிட்டர் என்பேன். ஒரு கப் அரிசிக்கு அதை வாங்கினால் அடிச்சோறு காய்ந்து பழுப்பேறும்.

ரைஸ் குக்கரில் அழுத்தம் இல்லாததால் துவரம் பருப்பு குழைய நேரமாகும். அதனால் ஒரே பாத்திரத்தோடு குடித்தனம் தொடங்குபவர்களுக்கு என் தேர்வு 5 லிட்டர் பிரஷர் குக்கர். இரண்டு வாங்க முடிந்தால், சோற்றுக்கு 1 லிட்டர் ரைஸ் குக்கரும் பருப்புக்கு 3 லிட்டர் பிரஷர் குக்கரும் போதும். ரைஸ் குக்கர் வாங்கும்போது, எத்தனை கிலோ அரிசி வேகும் என்று பெட்டியில் போட்டிருப்பதையும் பாருங்கள். சில பெட்டிகளில் லிட்டர் என்பது உள்பாத்திரத்தின் மொத்தக் கொள்ளளவாக இருக்கும்.