லே போக மூன்று வழி: உடம்புக்கு எது தோது?

போன ஆண்டு எங்கள் குடும்பம் மூன்று கூறாகப் பிரிந்து லடாக் போனது. அக்காவும் அத்தானும் விமானத்தில். நானும் வீட்டுக்காரியும் ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகக் காரில். அக்கா மகன், கூட்டாளிகள் மூவரோடு மணாலியிலிருந்து பைக்கில். லேயில் சந்திப்பதாக ஏற்பாடு. எது நல்ல வழி என்ற வழக்கு பாளையங்கோட்டை வீட்டு முற்றத்திலேயே தொடங்கிவிட்டது.

“மாமா, பிளேன்ல போனா பொசுக்குனு 3,500 மீட்டர்ல இறக்கி விட்டுருவான். பைக்ல மெல்ல மெல்லதான ஏறுதோம், உடம்பு பழகிரும்லா?” என்றான் மருமகன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அத்தான் ஒரே வரியில் முடித்தார்: “ஏலே, எப்படி ஏறுதங்கது கணக்கு இல்ல, ராத்திரி எங்க படுக்கங்கதுதான் கணக்கு.”

உடற்செயலியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் நான் அத்தான் பக்கம். காரணத்தைச் சொல்லிவிட்டு மூன்று வழிகளையும் ஒப்பிடுகிறேன்.

மலையில் ஆக்சிஜன் கம்மி என்கிறோம். காற்றில் அதன் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். பாளையங்கோட்டையில் நாம் இழுக்கும் காற்று மூச்சுக்குழாயில் ஈரமானபின் அதிலுள்ள ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 150 மில்லிமீட்டர் பாதரசம். லேயில் சுமார் 94. இந்த 94-இலிருந்து நுரையீரலின் காற்றறைக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது, அங்கே ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும் கரியமில வாயுவைப் பொறுத்தது. அதன் அளவு ஊரில் 40. லேயிலும் ஊரில் விடுவதுபோலவே மூச்சு விட்டால், கரியமில வாயுவின் அளவை 0.8-ஆல் வகுத்துக் கழிக்கும் கணக்குப்படி ஆக்சிஜனுக்கு மிஞ்சுவது 44 மட்டும். மூச்சை ஆழமாகவும் வேகமாகவும் விட்டு கரியமில வாயுவை 30-க்கு இறக்கினால் ஆக்சிஜன் 56 ஆகிவிடும். பார்வைக்கு 12 புள்ளிதான் கூடுதல். ஆனால் 44-இல் ரத்தத்தின் ஹீமோகுளோபின் 80 சதவீதம்கூட நிரம்பாது, 56-இல் 88-ஐ ஒட்டி நிரம்பும். படுத்துக் கிடப்பதற்கும் நடமாடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

அப்படியானால் இறங்கிய உடனே வேகமாக மூச்சு விட வேண்டியதுதானே? முழுசாக முடியாது. கழுத்துத் தமனியோரம் இருக்கும் உணரிகள் ஆக்சிஜன் குறைவைச் சில நிமிடங்களிலேயே கண்டுகொண்டு மூச்சைத் தூண்டும். அதனால் கரியமில வாயு வெளியேறும், ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். உடனே மூளை ‘போதும்’ என்று பிரேக் போட்டுவிடும். இந்தப் பிரேக்கைத் தளர்த்துவது சிறுநீரகம். அது பைகார்பனேட் என்ற காரத்தைச் சிறுநீரில் தள்ளத் தள்ள ரத்தம் சமநிலைக்குத் திரும்பி, மூச்சு இன்னும் ஒரு படி ஆழமாகும். பெரும்பங்கு வேலை முதல் சில நாட்களில் நடக்கும், மிச்சம் ஒன்றிரண்டு வாரம் இழுக்கும். சிறுநீரகத்துக்கு இந்தச் சில ராத்திரிகளை எந்த வழி கொடுக்கிறது என்பதுதான் எங்கள் வழக்கு.

முதலில் விமானம். டெல்லியில் 200 மீட்டரை ஒட்டிய உயரத்தில் கண் விழித்தவர்கள் அன்று ராத்திரி 3,500 மீட்டரில் படுக்கிறார்கள். பாய்ச்சல் பெரியதுதான். ஆனால் ஒரு வசதி உண்டு: இறங்கியபின் சும்மா கிடக்கலாம். லடாக் நிர்வாகமும் முதல் 48 மணி நேரம் ஓய்வெடுக்கச் சொல்கிறது. அத்தானோ ராணுவக் கணக்கையே கையில் எடுத்தார். 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள். முதல் 2 நாள் ஓய்வு, அடுத்த 2 நாள் சமதளத்தில் மெல்ல நடை, கடைசி 2 நாள் கொஞ்சம் ஏற்றம். அதற்கு மேல் 15,000 அடி வரை போக இன்னும் 4 நாள். அக்கா 3 நாள் விடுதி ஜன்னலோரம் சலிப்போடு உட்கார்ந்திருந்தாள். முதல் ராத்திரி தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை. இந்தத் தலைவலி ஏறிய 6 முதல் 12 மணி நேரத்தில் வருவது வழக்கம், அடுத்த ஒன்றிரண்டு நாளில் தணியும். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் நிரப்பைப் பார்க்கும் கருவி அவளுக்கு முதல் மாலை 84 சதவீதம் காட்டியது, ஏழாம் நாள் 89.

ஸ்ரீநகர் வழி எங்களுடையது. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் 2,700-ஐ ஒட்டி, பிறகு லே. வழியில் சோஜி லா கணவாய் 3,500-ஐயும், ஃபோட்டு லா கணவாய் 4,100-ஐயும் தொடும். தொட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம் என்பதால் பாதகமில்லை. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் அளவு. அந்தக் கணக்குக்கு கார்கிலிலிருந்து லேக்குப் போகும் 800 மீட்டர் தாவலும் அதிகம்தான். அதனால் கார்கிலில் 2 ராத்திரி தங்கினோம். முதல் நாள் லேயில் எனக்கு 88, வீட்டுக்காரிக்கு 87. தலைவலி இல்லை. இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஆளுக்கு ஆள் இது மாறும். ஆனால் கார்கிலில் கழிந்த ராத்திரிகளில் பிரேக் கொஞ்சம் தளர்ந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி மணாலி. மணாலி சுமார் 2,050 மீட்டர். பைக் பையன்கள் அங்கே ஒரே ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் லே போகும் வழியிலுள்ள சர்ச்சு என்ற இடத்தில் கூடாரத்தில் போய் விழுந்தார்கள். அது 4,290 மீட்டர் அளவு, லேயைவிடவே 800 மீட்டர் உயரம். சாலையில் மெல்ல ஏறினோம் என்பது சக்கரத்தின் கணக்கு. பகலில் பத்து மணி நேரம் ஏறினாலும் சிறுநீரகத்துக்குக் கிடைத்தது ஒரு பகல்தான். அக்காவுக்காவது போய் இறங்கிய இடத்தில் படுக்கையும் பக்கத்தில் ஆஸ்பத்திரியும் இருந்தன.

அன்று ராத்திரி மருமகனுக்குத் தலை பிளந்தது, இரண்டு தடவை வாந்தி. கருவி 74 காட்டியது. கண் அசந்தால் மூச்சு சில நொடி நின்று, திணறலோடு விழிப்பு வந்ததாம். செத்துப்போவோம் என்று பயந்திருக்கிறான். அந்த நின்று நின்று வரும் மூச்சு உயரத்தில் தூங்குகிறவர்களுக்கு சகஜம். முன்னே சொன்ன பிரேக்கின் வேலைதான் அது: ஆக்சிஜன் குறைவு மூச்சை முடுக்கும், முடுக்கியதில் கரியமில வாயு குறையும், குறைந்ததும் மூச்சு நிற்கும், நின்றதும் மறுபடி முடுக்கம். பயப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது. குதிகாலும் பெருவிரலும் ஒட்ட ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினால், மூளை வீங்குகிறது. இரண்டுக்கும் வைத்தியம் உடனே கீழே இறங்குவது.

சர்ச்சுவின் பொல்லாப்பே அங்குதான். மணாலிக்குத் திரும்ப 4,890 மீட்டர் பாரலாச்சா லாவில் ஏற வேண்டும். லே பக்கம் போனால் 5,300-ஐத் தாண்டும் டாங்லாங் லா. இறங்க வேண்டியவன் எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏற வேண்டும். நல்லவேளை, மருமகன் நேர்கோட்டில் நடந்தான். சக பையன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து லே வந்து சேர்ந்தான். மணாலி வழியே போகத்தான் வேண்டும் என்றால் 3,200 மீட்டர் ஜிஸ்பாவில் 2 ராத்திரி தங்கி, சர்ச்சுவில் படுக்காமல் அதிகாலையில் கிளம்பி நேராக லே போவது மேல். நீண்ட நாளாக இருக்கும், ஆனால் ராத்திரி கீழே கழியும்.

என் வரிசை: ஸ்ரீநகர் முதலில், ஓய்வோடு கூடிய விமானம் அடுத்து, சர்ச்சுவில் படுக்கும் மணாலிப் பயணம் கடைசி. நாள் குறைவு, வயதானவர் என்றால் விமானம் தப்பே இல்லை. அதற்கு டாக்டரைக் கேட்டு அசிட்டசோலமைடு மாத்திரை போடலாம். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து காலையும் மாலையும். சிறுநீரகம் சில நாளில் செய்யும் பைகார்பனேட் வேலையை அது சீக்கிரமே தொடங்கி வைக்கும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விரல் நுனி குறுகுறுக்கும், சோடா குடித்தால் வெறும் தண்ணீர் போல் சப்பென்றிருக்கும். கற்பூரத்தை முகர்ந்தபடியே வரும் கூட்டத்தையும் லேயில் பார்த்தேன். மூக்கு குளிரும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது.

ஊரிலேயே தயாராகலாம் என்று மருமகன் இரண்டு வாரம் மாஞ்சோலைக்கு ஏறி இறங்கினான். அது 1,000 முதல் 1,500 மீட்டர். அங்கே ரத்தத்தின் ஆக்சிஜன் பெரிதாக இறங்குவதே இல்லை, ஆகவே உடம்புக்கு எந்தத் தகவலும் போய்ச் சேராது. கால் பலப்படும். பலமான காலுக்காரன்தான் முதல் நாளே ஓடிப்போய் விழுவான்.

ரத்தக் கதையை அக்காவை வைத்துச் சொல்கிறேன். கிளம்பும் முன் அவள் ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்துக்கு 12 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜன் சுமக்கும் என்று வைத்தால், ஊரில் 97 சதவீத நிரப்பில் அவளுடைய 100 மில்லி ரத்தம் சுமந்தது 15.6 மில்லி. லேயில் முதல் மாலை 84-இல் அது 13.5. குறையை ஈடுகட்ட இதயம் வேகமாக அடித்தது, உட்கார்ந்தே நிமிடத்துக்கு 96. ஏழாம் நாள் அங்கே சோதித்தபோது ஹீமோகுளோபின் 13.2. நிரப்பு 89. பெருக்கினால் 15.7 மில்லி, ஊர்க் கணக்கே திரும்பிவிட்டது!

“பீட்ரூட்டும் முருங்கைக்கீரையும் வேலை செஞ்சிட்டு” என்று அக்காவுக்குப் பெருமை. ஆனால் சிவப்பணு அவ்வளவு வேகத்தில் பிறக்காது. ஆக்சிஜன் குறைந்த சில மணி நேரத்திலேயே சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும், ஓரிரு நாளில் அது உச்சம் தொடும். எலும்பு மஜ்ஜை அதைக் கேட்டு வேலையைத் தொடங்கினாலும், மொத்தச் சிவப்பணு கணக்கில் தெரியும்படி கூட மூன்று நான்கு வாரமாவது ஆகும். மாதக்கணக்கில் மேலே இருக்கும் சிப்பாய்க்கு அது பயன்படும். இரும்புச் சத்து குறைந்திருந்தால் அங்கேயும் மஜ்ஜை தடுமாறும். எட்டு நாள் சுற்றுலாக்காரர் ஊர் திரும்பியபிறகுதான் அந்தச் சரக்கு வந்து சேரும். அக்காவுக்கு முதல் வாரம் நடந்தது வேறு: உடம்பு நீரை வெளியேற்றி ரத்தத்தின் திரவப் பகுதியைக் குறைத்துவிட்டது. அணு அதே எண்ணிக்கை, குழம்பு மட்டும் சுண்டியது. மொத்த ரத்தம் குறைந்ததால் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் அளவும் குறையும். ஆகவே 15.7 என்ற எண்ணைப் பார்த்துப் பழைய தெம்பு வந்துவிட்டது என்று மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அவளுக்கும் வாங்கியது.

ஊர் திரும்பிப் பத்தாம் நாள், சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்தாள். 12.1. ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டி, “ஏல தம்பி, இம்புட்டு துட்டு செலவழிச்சும் ஒரு சொட்டு ரத்தம் ஊறலையே” என்றாள்.