அடுக்ககத்துக்கு இன்சூரன்ஸ்: சங்கத்தின் பாலிசியா, அவரவர் பாலிசியா?

வேளச்சேரிப் பக்கம் எங்கள் 24 வீட்டு அடுக்ககத்தில் இரண்டையும் அலசிவிட்டு, சங்கத்தின் பெயரில் ஒரே பாலிசி எடுத்தோம். நானும் அதற்குத்தான் கை தூக்கினேன். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கத்து அடுக்ககங்களில் தண்ணீர் முதலில் புகுந்தது கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளத்தில்தான். மீட்டர் போர்டு, சம்ப் மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட் குழி எல்லாம் அங்கேதான். எதுவும் தனி ஒருவருடையதல்ல. மூன்றாம் மாடிக்காரரின் பாலிசி அவர் வீட்டைப் பார்க்கும், லிஃப்டைப் பார்க்காது. கார், பைக்குக்கு வண்டி இன்சூரன்ஸ் இருக்கிறது, அது வேறு கதை.

தனி பாலிசியையும் குறைத்துச் சொல்ல முடியாது. 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுப் பாலிசியில் வீட்டைக் காப்பீடு செய்தால், உள்ளே உள்ள சாமான்களுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், தானாகவே சேர்கிறது. தொகையைக் குறைத்துப் போட்டிருந்தாலும் க்ளெயிமில் விகிதம் பார்த்து வெட்டமாட்டார்கள்.

இந்த வெட்டு உள்ள பாலிசியைச் சங்கம் எடுத்தால் கவிழ்வது இங்கேதான். எங்கள் கட்டடம் பொதுப் பகுதிகளோடு 30,000 சதுர அடி. மறுபடி கட்ட சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 7.5 கோடி. பிரீமியம் குறையட்டும் என்று 4.5 கோடிக்கு எடுத்திருந்தால் என்ன ஆகும்? ஸ்டில்ட்டில் 10 லட்சம் சேதம். ‘4.5 கோடி இருக்கிறதே, 10 லட்சம் வராதா’ என்றுதான் கூட்டத்தில் கேட்டார்கள். வராது. சர்வேயர் மதிப்பைக் கணக்கிட்டு, 60 சதவீதத்துக்குத்தானே காப்பீடு என்று 6 லட்சத்தில் நிறுத்துவார். அதிலும் நாம் ஏற்க வேண்டிய பங்கு கழியும். ‘பாரத் லகு உத்யம் சுரக்ஷா’ மாதிரி பாலிசிகளில் காப்பீட்டுத் தொகை மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் விட்டுவிடுவார்கள், அதைத் தாண்டினால் விகிதக் கணக்குதான்.

அதனால் தொகையை விற்பனை விலையில் போடக் கூடாது. அதில் மனையின் விலையும் கலந்திருக்கும், மனை எரியாது. கட்டுமானச் செலவை மட்டும் எடுத்து, சம்ப், மதில், லிஃப்ட், ஜெனரேட்டரைச் சேர்த்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது விலையேற்றத்துக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். பிரீமியத்தைச் சதுர அடிக் கணக்கில் பிரித்தோம், சண்டை இல்லை. ஆனால் லிஃப்ட் தானாகப் பழுதானால் இதில் பைசா வராது, அதற்கு ஏ.எம்.சி.தான்.

முழுக் கட்டடமே போனால் பணம் எப்படிப் பங்காகும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. வங்கிக் கடன் உள்ளவர்கள் வங்கி கேட்கும் தனி பாலிசியை வைத்துக்கொள்ளட்டும். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் முழுப் பணம் வாங்க முடியாது என்பதால் இரண்டு கம்பெனிக்கும் தகவல் சொல்லிவிட வேண்டும். நான் என் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் தனியாக ஒன்று எடுத்திருக்கிறேன்.