குரல் மட்டும் வந்தது, நடிகர் வரவில்லை: 500 ரூபாய் நாடக அனுபவம்

அடுத்த மாதம் ஏற்காட்டிலும் ஈரோட்டிலும் ஒரு துப்பறியும் நாடகம் நடக்கப்போவதாகச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். டிக்கெட் 500 ரூபாய். போன ஞாயிறு சேலத்தில் அப்பாவுடன் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை குழுவின் பெயரைச் சொல்லவில்லை. மலைமேல் காப்பித் தோட்டத்துப் பங்களா, வெளியே பனிமூட்டம், சாப்பாட்டு மேசையில் தலை சாய்ந்து கிடக்கும் முதலாளி என்றால் எந்த நாடகம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முதல் பத்து நிமிடத்தில் நடப்பது இது. இதற்கு மேல் கதையைத் தொட மாட்டேன். கதை நன்றாகவே இருக்கிறது.

கெட்டது குரல். கல்யாண மண்டபத்தில் பதினான்காவது வரிசையில் எங்களுக்கு நாற்காலி. தரை சமதளம், மேடையோ இடுப்பு உயரம். முகங்கள் பாதிதான் தெரிந்தன. கால் மணி நேரம் போயிருக்கும், அப்பா என் தோளைத் தட்டினார். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு விடிய விடிய நாடகம் பார்த்து வளர்ந்தவர் அவர். "கண்ணு, அந்த ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறான், குரல் கொஞ்சமாவது உள்ளே போக வேண்டாமா?" என்றார்.

அதன் பிறகு நானும் கவனித்தேன். மேடை விளிம்பில் மூன்று மைக்குகள் நின்றன. நடிகர்களின் கன்னத்திலோ சட்டையிலோ எதுவும் இல்லை. அப்படியென்றால் மைக்கை நெருங்கும்போது குரல் பெருக வேண்டும், பின்னால் போனால் தேய வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஒருவர் மாடிப்படியில் ஓடி வந்து மூச்சு வாங்காமல் நான்கு வாக்கியம் பேசினார். எவர்சில்வர் டம்ளர் மைக்குக்கு ஓரடி தூரத்தில் விழுந்தது. ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை. வசனம் முழுக்க முன்பே பதிவு செய்யப்பட்டது, மேடையில் நடந்தது வாயசைப்பு. கன்னத்தில் ஒட்டும் மைக் இருந்தால் திரும்பி நின்றாலும் குரல் மாறாது, அங்கே இந்தச் சோதனை செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இடி, மழை, பாட்டு இவற்றைப் பதிவிலிருந்து போடுவது எல்லோரும் செய்வதுதான். பிரம்மாண்டமான புராண நாடகங்களில் வசனத்தையே பதிவு செய்து ஒலிக்கவிடுவதும் உண்டு. ஆனால் துப்பறியும் நாடகத்துக்கு அது விஷம். கூட்டம் சிரித்தால் நேரில் நடிப்பவர் ஒரு நொடி நிறுத்தி, சிரிப்பு அடங்கியதும் அடுத்த வரியை எடுப்பார். பதிவு எதற்கும் காத்திருக்காது. இடைவேளைக்கு முன் ஒரு நகைச்சுவைக்கு மண்டபமே குலுங்கியது, அடுத்து வந்த வசனம் அதில் மூழ்கிப்போனது. முடிச்சு அவிழும்போது அந்த வரியைத்தான் நினைவுபடுத்துகிறார்கள்! கேட்டிருந்தால்தானே நினைவு வரும்? பக்கத்து வரிசையில் ஓர் அம்மா, "எப்போது சொன்னான்?" என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வரி யாருடையது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். இவ்வளவு சொன்னதே அதிகமோ என்று இருக்கிறது.

இவ்வளவும் ஒலி ஏற்பாட்டுக் குறை என்றுதான் நினைத்துக்கொண்டு வெளியே வந்தோம். மண்டபத்தின் பின்பக்கம், வேனுக்குப் பக்கத்தில், சுவரொட்டியில் பெரிதாக முகம் போட்டிருந்த 'கதாநாயகர்' தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒட்டு மீசை ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. தடித்த கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வயதுகூட இராது. "ஐயா, இங்கிருந்து ஜங்ஷனுக்குப் பஸ் உண்டா?" என்று அப்பாவிடம் கேட்டார், கீச்சென்ற மெல்லிய குரலில். இரண்டு மணி நேரம் நாங்கள் கேட்ட கம்பீரக் குரலுக்குச் சொந்தக்காரர் சேலத்துக்கே வரவில்லை.

அமைப்பாளரைப் பிடித்துக் கேட்டேன். எட்டுப் பேருக்குக் கம்பியில்லா மைக், அதை இயக்க ஓர் ஆள், எல்லாம் சேர்த்தால் கட்டுப்படியாகவில்லையாம். சென்னையில் நேரடிக் குரல், வெளியூரில் பதிவு என்று சாதாரணமாகச் சொன்னார். "குரல் சுவரொட்டியில் இருப்பவருடையதுதானே சார்?" என்றார். அந்த மாற்று நடிகரைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்தவர் குரலுக்கு நொடி பிசகாமல் உதடசைப்பது லேசான வேலை இல்லை. சுவரொட்டியில் அவர் பெயராவது இருந்திருக்க வேண்டும்.

போக நினைப்பவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: வசனம் நேரடியாகப் பேசப்படுகிறதா, படத்தில் இருப்பவர் அன்று மேடை ஏறுகிறாரா. "ஒலி அமைப்பு பிரமாதமாக இருக்கும்" என்று மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஆம் என்றால் அதை வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேரடிக் குரலில் நடந்தால் நானே ஏற்காட்டுக்குப் போய் மறுபடி பார்ப்பேன். என்னிடம் இருப்பது டிக்கெட்டின் பாதியும் சுவரொட்டியின் படமும்தான். அவற்றை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.