மக்காச்சோளத்துக்கு நீர்: சென்சாரா, பயிர்ப் பருவமா?

பருவ முறையில் பூக்கும் பருவம், பால் பிடிக்கும் பருவம் என்று பயிரின் வயதைப் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். சென்சார் முறையில் மண்ணில் மிஞ்சியிருக்கும் ஈரம் முடிவு செய்கிறது.

ஒரு வண்டல் கலந்த நிலத்தை எடுத்துக்கொள்வோம். மண் வடிந்த பிறகு பிடித்து வைத்திருக்கும் ஈரம், அதாவது வயல் கொள்திறன், 28 சதவீதம்; பயிர் நீர் எடுக்க முடியாமல் வாடும் ஈர அளவு, அதாவது வாடல் நிலை, 14 சதவீதம்; வேர் ஆழம் 60 செ.மீ. என்றால், பயிருக்குக் கிடைக்கும் நீர் 84 மி.மீ. அதில் பாதி தீர்ந்ததும், அதாவது சென்சார் 21 சதவீதம் காட்டும்போது, 42 மி.மீ. பாய்ச்ச வேண்டும். பூக்கும் நேரத்தில் பயிர் நாளொன்றுக்கு 7 மி.மீ. எடுத்தால் 6 நாள் இடைவெளி.

இதே பயிர் மணற்பாங்கான நிலத்தில் இருந்து, கிடைக்கும் நீர் 36 மி.மீ. மட்டுமே என்றால், இரண்டரை நாளில் பாதி தீர்ந்துவிடும். பூக்கும்போது ஒரு பாசனம் என்ற விதி அங்கே பயிரைக் காப்பாற்றாது. மழை பெய்திருந்தாலும் அந்த விதிக்குத் தெரியாது.

ஆனால் சென்சாருக்குப் பயிரின் பருவம் தெரியாது. கதிரிலிருந்து பட்டு நூல் போன்ற இழைகள் வெளிவரும் நாட்களில் வறட்சி வந்தால் மகரந்தச் சேர்க்கை கெட்டு, கதிரில் மணிகள் குறையும். பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் அவை திரும்பாது. எனவே அந்த நாட்களில் மட்டும் வரம்பை 22.4 சதவீதத்துக்கு, அதாவது 40 சதவீதம் தீர்ந்த நிலைக்கு, உயர்த்துவேன்.

பாசனத்துக்குப் பிறகு அளவு சட்டென ஏறி, வேகமாக விழுந்தால் சென்சாரைச் சுற்றிக் காற்று இடைவெளி இருக்கக்கூடும். அதை முதலில் தோண்டிப் பாருங்கள்.