சீல் மாற்றியும் நிற்காத கசிவு: தேரிக்காட்டில் ஓடும் 150 சிசி வண்டியின் முன் ஃபோர்க்

திசையன்விளைப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஆனி, ஆடிக் காற்று என்றால் என்னவென்று தெரியும். தேரியின் செம்மண் பொடி ரோட்டைத் தாண்டிப் பறக்கும். ஹெல்மெட் கண்ணாடியில் படிகிற அதே பொடிதான் ஃபோர்க் பைப்பிலும் படிகிறது. என் வேலைக்கு உவரி வரை போய் வர வேண்டும் என்பதால், மணலுக்கு மேல் கடற்கரை உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. சில வருடமாக இந்த வழியில் ஓடும் 150 சிசி வண்டி இது. முன்னால் 31 மி.மீ. பைப் உள்ள சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க், இடப்பக்கம் டிஸ்க் பிரேக். எஞ்சினில் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை எல்லாம் முன் ஃபோர்க்கில்தான்.

முதலில் தெரிந்தது இடப்பக்கப் பைப்பில் ஒரு எண்ணெய் வளையம். டஸ்ட் சீலுக்கு மேலே, செம்மண் ஒட்டிக் கறுத்துப்போய். துடைத்தால் மறுநாள் திரும்ப வரும். பைப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது தப்பில்லை, சீல் உதடு வறண்டு போகாமலிருக்க அது வேண்டும். விரலால் தடவினால் வழுக்குகிற அளவுக்கு ஈரமோ, கீழே ஃபோர்க் பாட்டத்தில் வழிந்த கோடோ இருந்தால் அது கசிவு.

அப்போது ஒரு ஒர்க்‌ஷாப்பில் இடப்பக்க ஆயில் சீலை மட்டும் மாற்றி, கண் அளவுக்கு எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச மாதம் நன்றாக இருந்தது. பிறகு கசிவு திரும்ப வந்தது, கூடவே இன்னொன்றும் வந்தது: முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும். ஊருக்குள் இருக்கும் வேகத்தடைக்கு முன்னால் பிடித்தால் கடைசியில் 'டொக்'கென்று ஒரு சத்தம். பிரேக்கை விட்டதும் முன்பக்கம் துள்ளி எழும்பும். அந்த ஒர்க்‌ஷாப்பில் சொன்ன மருந்து, "கட்டியான ஆயில் ஊத்திருவோம்" என்பது. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. வள்ளியூரில் பழைய மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன்.

அவர் ஃபோர்க்கைக் கழற்றும் முன்பு செய்தது, பைப்பைச் சுற்றி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டையைக் கட்டியது. டஸ்ட் சீலை ஒட்டிக் கீழே இறக்கி விட்டார். அப்புறம் ஆளில்லாத ரோட்டில் ஒரே சீராக முன் பிரேக்கைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். ஃபோர்க் அமுங்கும்போது சீல் அந்த டையைத் தள்ளிக்கொண்டு போகும், எழும்பும்போது டை அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு குனிந்தது என்பதற்கு அதுதான் அளவு. என் வண்டி ஃபோர்க்கின் மொத்த ஓட்டம் 130 மி.மீ. டை ஏறக்குறைய முழு ஓட்டத்துக்கும் போயிருந்தது. இந்தச் சோதனையை யாரும் வீட்டிலேயே செய்யலாம். 'ரொம்பக் குனியுது' என்ற பேச்சை அது மில்லிமீட்டராக மாற்றிவிடுகிறது.

ஃபோர்க்கின் இரண்டு காலிலும் இருந்த எண்ணெயைத் தனித்தனியாக வடித்து அளந்தார். என் வண்டியின் மேனுவலில் ஒரு காலுக்கு 165 மி.லி. வலப்பக்கம் 150 வந்தது. கொஞ்சம் எப்போதும் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அது சரிதான். இடப்பக்கம் வந்தது 105, சாம்பல் நிறத்தில், நுரையோடு. வலப்பக்கத்தைவிடக் குறைந்த 45 மி.லி. என்பது டீ கிளாஸில் பாதிகூட இல்லை. ஆனால் 31 மி.மீ. பைப்பின் உள்விட்டம் சுமார் 27 மி.மீ. தான். அதற்குள் 10 மி.லி. ஏறக்குறைய 17 மி.மீ. உயரம் நிற்கும். கணக்குப் போட்டால் எண்ணெய் மட்டம் ஏறக்குறைய 8 செ.மீ. இறங்கியிருக்கிறது.

மட்டம் இறங்கினால் இரண்டு விஷயம் நடக்கும். எண்ணெய்க்கு மேலே அடைபட்டிருக்கும் காற்று ஒரு சின்ன ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. கடைசி சில செ.மீ. ஓட்டத்தில் அது இறுகி ஃபோர்க் அடியில் மோதாமல் தாங்கும். காற்றுக்கு இடம் அதிகமானால் அந்த இறுக்கம் போய்விடும். இன்னொன்று இதைவிட முக்கியம். உள்ளே இருக்கும் டேம்பர் ராடின் துளைகள் வழியாக எண்ணெய் பாயும்போதுதான் ஃபோர்க்கின் வேகம் கட்டுப்படுகிறது. எண்ணெய் குறைந்து காற்றும் சேர்ந்து போனால், நுரை தடுப்பதில்லை. குனிவதும் தடையில்லாமல் நடக்கும், எழும்புவதும் தடையில்லாமல் நடக்கும். அந்தத் துள்ளல் வந்தது அதனால்தான். நின்ற வண்டியில் முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை அமுக்கி விட்டால், நல்ல ஃபோர்க் ஒரே முறை எழும்பி நிற்கும். மேலும் கீழும் ஆடினால் உள்ளே எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது கெட்டிருக்கிறது.

கட்டி ஆயிலைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, கட்டியா ஊத்துனா குனியுறது மெதுவாவும், அம்புட்டுதான். எம்புட்டு குனியணும்ங்கிறதை ஸ்பிரிங்குல்லா சொல்லுது" என்றார். யோசித்தால் அது சரி. பிரேக்கைப் பிடித்தபடி இரண்டு, மூன்று விநாடி போனால் எந்த எண்ணெயாக இருந்தாலும் ஃபோர்க் அதே ஆழத்துக்கு வந்துவிடும். மேனுவல் 10 கிரேடு சொல்கிற இடத்தில் 20 ஊற்றினால், நம் ரோட்டுப் பள்ளங்களில் ஃபோர்க் அடுத்தடுத்த அடிக்கு முன்பு எழும்ப நேரமில்லாமல் இறுகிப்போகும். மணிக்கட்டுதான் வலிக்கும். மேனுவலில் சொன்ன கிரேடையே ஊற்றச் சொன்னேன். எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை.

புது சீல் ஏன் இவ்வளவு சீக்கிரம் போனது என்ற கேள்விக்கு விடை பைப்பில் இருந்தது. குரோம் பூச்சின்மேல் நகத்தை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். டஸ்ட் சீலுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் ஒரு இடத்தில் நகம் தட்டியது. குண்டூசித் தலையைவிடச் சிறிய துருப்புள்ளிகள் மூன்று, நான்கு. உவரி உப்புக்காற்றின் வேலை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அந்தப் புள்ளிகள் சீல் உதட்டுக்குள் போய் வந்திருக்கின்றன. ரப்பர் உதட்டுக்கு அது அரம். இந்த நிலையில் சீலை எத்தனை முறை மாற்றினாலும் சில மாதத்துக்குத்தான் தாங்கும்.

துரு மேலோட்டமாக இருந்தால் 1000 நம்பர் எமரி, அப்புறம் 2000, எண்ணெய் தொட்டுப் பைப்பைச் சுற்றித் தேய்த்தால் போதும். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகளே எண்ணெய்க்கு வாய்க்கால் ஆகிவிடும். என் பைப்பில் நகம் இறங்குகிற பள்ளம், அதனால் தேய்த்துப் பயனில்லை. புதுப் பைப்பே போட்டேன். அதன் விலை சீல், எண்ணெய், கூலி எல்லாம் சேர்ந்ததைவிட அதிகம். ஆனால் மொத்தச் செலவில் பயன் தந்ததும் அதுதான். வலப்பக்கப் பைப்பைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்து, வளைவில்லை என்று தெரிந்தபின் அதையே திருப்பிப் போட்டார். சீல்கள் இரண்டு பக்கமும் புதுசு, கீழே ஆலன் போல்ட்டின் செப்பு வாஷரும் புதுசு. அந்த வாஷரைப் பழையதே போட்டால் அடியிலிருந்து சொட்டும், நாம் மேலே சீலைத் திட்டிக்கொண்டிருப்போம்.

சீல் ஏற்றும்போது நான் கவனித்த ஒன்று: பைப்பின் மேல் விளிம்பில் பிளாஸ்டிக் கவர் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவித்தான் இறக்கினார். பழைய சீலை மேலே வைத்து, அதன்மேல் குழாய்த் துண்டு வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டினார். ஸ்குரூடிரைவரால் ஒரு பக்கம் குத்தி இறக்கிய சீல் முதல் நாளே சாய்ந்து உட்காரும்.

எண்ணெய் மட்டம்தான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. ஸ்பிரிங் வெளியே. 160 போல ஊற்றி, பைப்பை மெதுவாக மேலும் கீழும் இழுத்து, குமிழி வருவது நிற்கும்வரை காற்றை வெளியேற்றினார். கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, பைப்பை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் வரை அளந்தார். மேனுவல் அளவு 150 மி.மீ. மருந்துக் கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சில் டிரிப் டியூபை மாட்டி, டியூபில் 150-க்கு மார்க்கரால் கோடு. கோடு விளிம்புக்கு வரும்படி டியூபை இறக்கி உறிஞ்சினால், அதிகமிருப்பது வந்துவிடும், காற்று வரத் தொடங்கினால் மட்டம் சரி. குறைவாக இருந்தால் கொஞ்சம் ஊற்றித் திரும்ப உறிஞ்ச வேண்டும். இரண்டு காலும் ஒரே மட்டத்துக்கு வந்தன. மி.லி. கணக்கில் மட்டும் ஊற்றினால், உள்ளே ஒட்டியிருக்கும் பழைய எண்ணெயால் இந்தச் சமம் வருவதில்லை. மட்டத்தை அளவுக்கு மேல் ஏற்றுவதும் ஆகாது. காற்று அதிகம் இறுகி ஃபோர்க் பாதி ஓட்டத்திலேயே மரக்கட்டையாகிவிடும், அந்த அழுத்தம் சீலையே வெளியே தள்ளவும் பார்க்கும்.

பிரேக் பேடையும் மாற்ற வேண்டியிருந்தது. இடப்பக்கம் வழிந்த எண்ணெய் காலிப்பர் வரை இறங்கிவிட்டது. டிஸ்க்கைக் கிளீனர் போட்டுத் துடைக்கலாம், பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் நம்ப முடியாது. உங்கள் வண்டியில் டிஸ்க் இருக்கும் பக்கம் கசிந்தால் 'அப்புறம் பார்ப்போம்' என்று ஓட்ட வேண்டாம்.

வேலை முடிந்து அதே ரோடு, அதே டை. இப்போது 30 மி.மீ. மிச்சம் இருந்தது. 'டொக்' இல்லை, துள்ளல் இல்லை. குனிவது இருக்கிறது, இந்த வகை ஃபோர்க்கில் அது இருக்கத்தான் செய்யும், எடை முன்னால் போகிறது. அதன்பின் ஒரு முழுக் காற்றுக்காலம் போய்விட்டது. இடப்பக்கப் பைப்பில் கசிவு திரும்ப வரவில்லை. உவரியிலிருந்து வந்த அன்றைக்கு ஈரத்துணியால் பைப்பைத் துடைத்துவிடுகிறேன், பேச்சு முடியும் முன் முடிகிற வேலை. ரப்பர் பூட் மாட்டச் சொல்லிப் பலர் சொன்னார்கள். வெறும் தேரி மணலுக்கு அது நல்லதுதான். ஆனால் உப்பு ஈரம் அதற்குள் போனால் கண்ணில் படாமல் துருப்பிடிக்கும், அதனால் நான் மாட்டவில்லை.

ஒரு முறை வலப்பக்கம் லேசாக ஈரம் தெரிந்தது. டஸ்ட் சீலை மேலே தூக்கி, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் கொக்கி போல வெட்டிய துண்டை ஆயில் சீல் உதட்டுக்கும் பைப்புக்கும் நடுவே விட்டுச் சுற்றி இழுத்தேன். நான்கு மணல் துகள் வந்தது, ஈரம் நின்றது. மணல் மாட்டியதால் வரும் கசிவுக்கு மட்டுந்தான் இந்த வைத்தியம். பைப்பில் புள்ளியோ, சீலில் கிழிசலோ இருந்தால் வேலைக்காகாது.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. பின்னால் ஆளும் பையும் வைத்து ஓட்டினால் டை கிட்டத்தட்ட முழு ஓட்டத்துக்குப் போகிறது. எண்ணெய் சரி, மட்டம் சரி, அப்படியானால் மிச்சம் ஸ்பிரிங். கழற்றியபோது அதன் நீளம் மேனுவல் எல்லையை ஒட்டியே இருந்தது. மேலே வாஷர் அடுக்கிச் சமாளிக்கலாம் என்கிறார்கள். அது வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும், தளர்ந்த ஸ்பிரிங்கை விறைப்பாக்காது. அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது ஸ்பிரிங் இரண்டையும் மாற்றி, அதே டையில் அளந்து பார்க்க வேண்டும்.