மூன்று விபத்து செய்த டிரைவரை எந்தக் கணக்கால் எடைபோடுவது?

கிருஷ்ணகிரியில் லாரி செட் வைத்திருக்கும் ஒருவர் தன் விபத்து நோட்டை என்னிடம் காட்டினார். ஒவ்வொரு டிரைவரின் பெயருக்கும் எதிரே சிவப்பு மையில் கோடுகள். பம்பர் நசுங்கியதும் ஒரு கோடுதான், வண்டி கவிழ்ந்ததும் ஒரு கோடுதான். ஒரு பெயருக்கு எதிரே மூன்று கோடுகள் இருந்தன. "இவரை நிறுத்திவிடலாமா சார்?" என்று கேட்டார். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். ஒருவருடைய பிழைப்பு இதில் இருக்கிறது என்பதால் வாய்க்கு வந்த பதிலைச் சொல்ல மனம் வரவில்லை.

இதைக் கணக்கிட மூன்று வழிகள் உண்டு. எல்லா டிரைவருக்கும் விபத்து வீதம் ஒன்றே, மூன்று கோடு விழுந்தது கெட்ட நேரம் என்பது முதல் வழி. இது பாய்சான் பரவல், ஒரே வீதத்தில் தற்செயலாக நடப்பவற்றின் எண்ணிக்கைக்கான கணக்கு. அவரவர் எண்ணிக்கையே அவரவர் வீதம், மூன்று செய்தவர் அடுத்த ஆண்டும் மூன்று செய்வார் என்பது இரண்டாவது. நோட்டை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மூன்றாவது வழி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி வீதம் உண்டு, அந்த வீதங்கள் காமா பரவலில் சிதறிக் கிடக்கின்றன என்று கொள்வது. வீதம் தெரிந்துவிட்டால் ஒருவரின் விபத்துகள் பாய்சான்தான். வீதமே ஆளுக்கு ஆள் மாறுவதால், எல்லோரையும் கலந்து எண்ணும்போது எதிர்மறை ஈருறுப்புப் பரவல் கிடைக்கிறது. இந்த மூன்றாவது வழியைத்தான் இனி காமா கலவை என்கிறேன். முதல் உலகப் போர்க்கால ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களின் விபத்துகளுக்கு புள்ளியியலாளர்கள் கிரீன்வுட்டும் யூலும் 1920இல் பொருத்திப் பார்த்தது இதைத்தான்.

கணக்குக்காக நானே எண்களை அமைத்துக்கொள்கிறேன். 200 டிரைவர்கள், ஓர் ஆண்டு, மொத்தம் 100 விபத்துகள்.

| விபத்து | டிரைவர்கள் | பாய்சான் சொல்வது | காமா கலவை சொல்வது |
|---|---|---|---|
| 0 | 134 | 121.3 | 133.9 |
| 1 | 44 | 60.7 | 43.8 |
| 2 | 14 | 15.2 | 14.7 |
| 3 | 5 | 2.5 | 5.0 |
| 4 | 2 | 0.3 | 1.7 |
| 5 அல்லது மேல் | 1 | 0.03 | 0.9 |

பாய்சான் எங்கே தவறுகிறது என்பதைக் கவனியுங்கள். கோடே விழாதவர்களையும் நிறையக் கோடு விழுந்தவர்களையும் குறைவாகச் சொல்கிறது, ஒரே ஒரு கோடு விழுந்தவர்களை அதிகமாகச் சொல்கிறது. இரண்டு ஓரமும் கனத்து நடு இளைத்திருந்தால் வீதங்கள் ஒன்றல்ல என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். அட்டவணை போடாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். பாய்சானில் சராசரியும் விலக்க வர்க்கச் சராசரியும் சமமாக இருக்க வேண்டும். இங்கே சராசரி 0.50, விலக்க வர்க்கச் சராசரி 0.76.

அந்த உபரி 0.26 எங்கிருந்து வந்தது? காமா கலவையில் விலக்க வர்க்கச் சராசரி `m + m²/r`. இதில் `m` சராசரி வீதம், `r` காமாவின் வடிவ அளவு. முதல் பகுதி தற்செயல். இரண்டாம் பகுதி ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு. `m²` ஆன 0.25-ஐ, உபரியின் துல்லிய அளவான 0.264-ஆல் வகுத்தால் `r` ஏறக்குறைய 0.95 வருகிறது. `r` சிறிதாக இருந்தால் டிரைவர்களுக்குள் வேறுபாடு அதிகம். அது பெரிதாகிக்கொண்டே போனால் எல்லோரும் ஒரே மாதிரி ஆகி, கலவை பாய்சானிலேயே போய் முடிகிறது. கணினியில் சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு:

```r
x <- rep(0:5, c(134,44,14,5,2,1))
m <- mean(x); r <- m^2/(var(x)-m)
200*dpois(0:5, m)
200*dnbinom(0:5, size=r, mu=m)
```

அட்டவணையில் கடைசி வரி '5 அல்லது மேல்'. நிரலின் கடைசி எண் 5-க்கு மட்டும் உரியது என்பதால் சற்றுக் குறைவாக வரும்.

இனி அந்த மூன்று கோட்டுக்காரருக்கு வருவோம். மொத்தச் சிதறலான 0.764-இல் ஆளைச் சேர்ந்த பங்கு 0.264, அதாவது சுமார் 34.5 விழுக்காடு. அவருடைய சொந்த எண்ணிக்கைக்குக் கொடுக்க வேண்டிய எடையும் மிகச்சரியாக அதே 34.5 விழுக்காடுதான். மீதி 65.5 விழுக்காடு பொதுச் சராசரிக்கு. 3-இல் 34.5 விழுக்காடும் 0.5-இல் 65.5 விழுக்காடும் சேர்ந்தால் 1.36. அடுத்த ஆண்டு அவரிடம் எதிர்பார்க்க வேண்டியது இதுவே. பாய்சான் 0.5 என்று சொல்லி அவரை எல்லோரோடும் சேர்த்துவிடுகிறது. நோட்டு 3 என்று சொல்லி அவரைத் தள்ளிவைக்கிறது. என் தீர்ப்பில் இரண்டுமே அநியாயம், நோட்டின் அநியாயம் கொஞ்சம் கூடுதல். ஏனென்றால் அது கோடே விழாதவருக்கு வீதம் பூஜ்யம் என்றும் சொல்லிவிடுகிறது. கலவைக் கணக்கில் அவருக்கு 0.33. அப்படிப்பட்டவர்கள் 134 பேர் இருப்பதால், அடுத்த ஆண்டின் 100 விபத்துகளில் ஏறத்தாழ 44 அவர்களிடமிருந்தே வரும்.

நோட்டுக் கணக்கில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. மூன்றும் அதற்கு மேலும் செய்த எட்டுப் பேரைப் பிரித்தெடுத்துப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் செய்த விபத்துகள் மொத்தம் 28. அடுத்த ஆண்டு அது 12 ஆகிறது. வகுப்பு வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் எந்த வகுப்பும் நடத்தாமலே கலவைக் கணக்கு எதிர்பார்ப்பதும் 12தான். அந்த 28-க்குள் கெட்ட நேரம் நிறையக் கலந்திருந்தது, அது திரும்ப வரவில்லை, அவ்வளவே. வகுப்பால் பலன் உண்டா என்று பார்க்க 12-ஐ ஒப்பிட வேண்டியது 28-உடன் அல்ல.

கலவைக்கும் எல்லை உண்டு. அது 'ஆளுக்கு ஆள் வேறுபாடு' என்று சொல்வதில் ஆள் மட்டும் இல்லை, தடமும் இருக்கிறது. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் கணவாயில் வாரம் மூன்று நடை கனச் சரக்கோடு இறங்குகிறவரையும், ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே மட்டும் ஓடுகிறவரையும் ஒரே பட்டியலில் போட்டால், சாலையின் குணம் டிரைவரின் குணமாகக் கணக்கில் ஏறிவிடும். கிலோமீட்டரும் தடமும் நோட்டில் இருந்தால் அவற்றுக்கேற்பச் சராசரியை மாற்றிவிட்டு, பிறகு `r`-ஐக் கணக்கிட வேண்டும். அப்போது அது பெரும்பாலும் முன்பைவிடப் பெரிதாக வரும், ஆளின் மீது விழும் எடை குறையும்.

ஓர் ஆண்டு எண்ணிக்கை மட்டும் இருந்தால் இன்னொரு சிக்கலையும் தீர்க்க முடியாது. எல்லோரும் ஒரே வீதத்தில் தொடங்கி, ஒரு விபத்து நடந்ததும் நடுங்கிப்போய் அடுத்ததற்கான வாய்ப்பு ஏறுகிறது என்று கொண்டாலும், இதே எதிர்மறை ஈருறுப்புப் பரவல் வரக்கூடும். அட்டவணை அழகாகப் பொருந்துவது காமா கலவைக்குச் சாட்சி ஆகாது. பிரித்துப் பார்க்கத் தேதி வேண்டும். ஒரே சமயத்தில் சேர்ந்த டிரைவர்களின் மொத்த விபத்து, கலவையில் மாதத்துக்கு மாதம் ஏறக்குறைய சமமாக இருக்கும். ஒவ்வொரு விபத்தும் வீதத்தை நிலையாக ஏற்றிவிடுவதாக இருந்தால், மாதம் போகப் போக மொத்தமும் ஏறும்.

"நிறுத்த வேண்டாம் அண்ணா, கணவாய் நடையை இந்த ஆண்டு வேறு ஆளுக்கு மாற்றுங்கள். இனி ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் தேதியும் தடமும் எழுதுங்கள்" என்றேன். "அடுத்த ஆண்டு அவர் ஒன்றுமே செய்யாவிட்டால்?" என்றார். இரண்டு ஆண்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டினேன். `(0.95 + 3) / (1.9 + 2)`, மேலே `r`-உடன் இரண்டு ஆண்டின் 3 கோடு, கீழே `r`-ஐ `m`-ஆல் வகுத்த 1.9-உடன் 2 ஆண்டு. ஆண்டுக்கு ஒன்றை ஒட்டி வந்தது. பொதுச் சராசரியைவிட அது இன்னும் இரண்டு மடங்கு. அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பெயருக்கு எதிரே பென்சிலால் 1 என்று எழுதிக்கொண்டார்.